சாய்வைக் கூட்ட வேண்டிய இடத்தில் குறைக்கச் சொல்லும் கிரேடியன்ட்

[திரையில்: வெற்று வரைபடம். நான்கு புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன: (1, 2), (2, 3), (3, 5), (4, 6)]

நான்கே நான்கு புள்ளிகள். இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகின்றன. இவற்றின் ஊடே ஒரு நேர்கோடு போடச் சொன்னால், ஸ்கேலை வைத்து யாரும் ஏறக்குறையச் சரியாகவே போட்டுவிடுவார்கள். நாம் வேண்டுமென்றே ஒரு தப்பான கோட்டில் ஆரம்பிப்போம்.

[திரையில்: 5 என்ற உயரத்தில் ஒரு படுக்கைக் கோடு]

கோட்டின் சமன்பாடு y = mx + b. இப்போது m = 0, b = 5. புள்ளிகள் மேலே ஏறுகின்றன, கோடு படுத்துக் கிடக்கிறது. ஆகவே m கூட வேண்டும். இதற்குக் கணக்கே தேவையில்லை, கண்ணே போதும். ஆனால் m-ஐயும் b-யையும் எந்தப் பக்கம் நகர்த்தினால் பிழை குறையும் என்று காட்டும் கிரேடியன்ட்டைக் கணக்கிட்டுப் பார்த்தால், அது m-ஐக் குறைக்கச் சொல்கிறது! கணக்கில் பிழை எதுவும் இல்லை. பிறகு ஏன் அப்படிச் சொல்கிறது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் பெயரில் ஒரு சிக்கல். தமிழில் கோட்டின் m-ஐயும் சாய்வு என்கிறோம், கிரேடியன்ட்டையும் சில இடங்களில் சாய்வு என்றே எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் குழப்பம்தான். இங்கே சாய்வு என்றால் m மட்டும். இன்னொன்றை கிரேடியன்ட் என்றே சொல்கிறேன்.

[திரையில்: ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கோடு வரை, y-அச்சுக்கு இணையாக ஒரு சிவப்புக் கோடு]

புள்ளியின் y-யிலிருந்து கோடு சொல்லும் உயரத்தைக் கழித்தால் வருவது பிழை, அதாவது e. நம் படுக்கைக் கோட்டுக்குப் பிழைகள் −3, −2, 0, 1. வர்க்கப்படுத்திக் கூட்டினால் 9 + 4 + 0 + 1 = 14. இந்த 14-தான் S. கோடு எவ்வளவு தப்பு என்பதன் அளவு இது, இதை முடிந்தவரை குறைப்பதுதான் நம் வேலை.

[திரையில்: S = Σ (y − mx − b)²]

இந்தச் சூத்திரத்தில் x-உம் y-உம் மாறாதவை, அவை கையில் உள்ள தரவு. மாறுவது m-உம் b-யும்தான். பள்ளிக்கூடக் கணக்கில் x-ஐ மாறியாகவே பார்த்துப் பழகியதால், இந்த இடத்தில் பலருக்கும் ஒரு நிமிடம் தடுமாறும். m-க்கு ஒரு திருகு, b-க்கு ஒரு திருகு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருகினால் S எவ்வளவு மாறும்? அந்த இரண்டு எண்களின் ஜோடிதான் கிரேடியன்ட்.

ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதன் பங்கு e². இதன் வகைக்கெழு 2e, அதோடு சங்கிலி விதிப்படி e எப்படி மாறுகிறது என்பதையும் பெருக்க வேண்டும். b ஓர் அலகு கூடினால் கோடு ஓர் அலகு மேலே போகும், e ஓர் அலகு குறையும். ஆகவே −1. m ஓர் அலகு கூடினால் கோடு அந்த இடத்தில் x அலகு மேலே போகும். ஆகவே −x. எல்லாப் புள்ளிகளுக்கும் கூட்டினால் முடிந்தது.

[திரையில்:
∂S/∂b = −2 Σ e
∂S/∂m = −2 Σ x·e]

இரண்டாவது வரியில் பிழையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த x-ஐக் கவனியுங்கள். அது ஒரு நெம்புகோலின் நீளம் மாதிரி. x = 0-லிருந்து தள்ளி இருக்கும் புள்ளியின் பிழைக்கு m-ஐ அசைக்கும் பலம் அதிகம். x = 4-ல் இருக்கும் புள்ளியின் குரல், x = 1-ல் இருப்பதைவிட நான்கு மடங்கு ஓங்கி ஒலிக்கும்.

சரி, எண்களைப் போடுவோம். Σe = −3 − 2 + 0 + 1 = −4. ஆகவே b-க்கான பகுதி +8. Σxe = −3 − 4 + 0 + 4 = −3. ஆகவே m-க்கான பகுதி +6. கூட்டல் குறி என்றால் அந்தத் திருகைக் கூட்டும்போது S ஏறுகிறது என்று அர்த்தம். S இறங்க வேண்டுமானால் b-யையும் குறைக்க வேண்டும், m-ஐயும் குறைக்க வேண்டும்.

நம்ப முடியவில்லையா? எனக்கும் முதலில் குறியை எங்கோ தவறவிட்டேனோ என்றுதான் தோன்றியது. இந்தச் சூத்திரத்தில் அடிக்கடி நடக்கும் தவறே அந்தக் கழித்தல் குறியை விட்டுவிடுவதுதான். சோதிக்க எளிய வழி, திருகைக் கையால் திருகிப் பார்ப்பது.

[திரையில்: b = 5-ல் நிற்கிறது. m = 0.1 → S = 14.90. m = −0.1 → S = 13.70]

m-ஐ 0.1 ஆக்கினால் S 14.90. −0.1 ஆக்கினால் 13.70. வித்தியாசம் 1.2, அதை 0.2-ஆல் வகுத்தால் 6. சூத்திரம் சொன்ன அதே 6. S என்பது m-இல் இருபடிச் சார்பு. அதனால் இப்படி இரண்டு பக்கமும் சம அளவு நகர்ந்து பார்த்தால் தோராயமாக இல்லாமல் அச்சாக அதே எண் வரும். சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் அப்புறம் தலைவலி இல்லை.

அப்படியென்றால் கிரேடியன்ட் சொல்வது உண்மைதான். கண் சொன்னதும் உண்மைதானே? படத்தைத் திரும்பப் பாருங்கள். புள்ளிகளின் சராசரி உயரம் 4, கோடு நிற்பதோ 5-ல். கோட்டில் இரண்டு குறைகள்: சாய்வு போதாது, உயரமும் கூடுதல். இந்தப் புள்ளிகள் எல்லாமே x = 0-க்கு வலப்பக்கம் இருக்கின்றன. m-ஐத் திருகினால் கோடு x = 0-ஐ அச்சாகக் கொண்டுதான் சுழலும். ஆகவே m-ஐக் குறைத்தால் நான்கு புள்ளிகளின் மேலும் கோடு தாழும். உயரத்தைக் குறைக்க அதுவும் ஒரு வழி! கிரேடியன்ட் அந்த ஆதாயத்தைத்தான் பார்க்கிறது. b-யின் குறையை m-இன் தலையில் கட்டுகிறது.

[திரையில்: படி அளவு 0.01-உடன் கோடு நகர்கிறது]

இப்போது இறங்கிப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் கிரேடியன்ட்டில் 0.01 பங்கை m-லிருந்தும் b-யிலிருந்தும் கழிக்கிறோம். நிரலில் x, y இரண்டும் NumPy அணிகள்.

```python
e = y - (m*x + b)
gm = -2 * (x*e).sum()
gb = -2 * e.sum()
m, b = m - 0.01*gm, b - 0.01*gb
```

முதல் படியில் m = −0.06, b = 4.92, S = 13.23. கோடு தப்பான பக்கம் சாய்ந்திருக்கிறது, ஆனாலும் S குறைந்திருக்கிறது. இரண்டாவது படியில் m = −0.068. மூன்றாவது படியில்தான் m திரும்பி மேலே ஏறத் தொடங்குகிறது. அதன் பிறகு ஆமை வேகம். மீதமுள்ள தூரம் பாதியாக ஏறத்தாழ 58 படிகள் ஆகின்றன. b இரண்டாம் தசம இடம் வரை சரியாக வர ஏறத்தாழ 500 படிகள். நான்கு புள்ளிக்கு!

வேகப்படுத்தலாம் என்று படி அளவை 0.05 ஆக்கினால் நிலைமை மோசம். m போகும் பாதை: 0, −0.3, 0.7, −1.36. ஒவ்வொரு முறையும் பள்ளத்தைத் தாண்டி எதிர்ச்சுவரில் இன்னும் மேலே போய் ஏறுகிறது. S முதலில் 14-லிருந்து 14.74, அடுத்து 25.88. m இப்படி முன்னும் பின்னும் ஊசலாடி, ஊசல் பெரிதாகிக்கொண்டே போனால் படி அளவு அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம். இந்தத் தரவுக்கு வரம்பு 0.03-க்குச் சற்றுக் கீழே.

[திரையில்: m, b தளத்தின் மேல் S-இன் சமஉயரக் கோடுகள், ஒல்லியான நீள்வட்டங்களாக]

காரணம் இந்தப் படத்தில் இருக்கிறது. S ஒரு கிண்ணம், ஆனால் உருண்டையான கிண்ணம் இல்லை, கோணலாகக் கிடக்கும் ஒரு நீண்ட ஓடை. குறுக்கே வளைவு மிக அதிகம், நெடுகே மிகக் குறைவு. ஏறத்தாழ 56-க்கு 1. குறுக்குச் சுவர் பெரிய படியை அனுமதிக்காது, சிறிய படியோ ஓடை நெடுக நகரவே நகராது. கிரேடியன்ட் இருக்கும் இடத்தில் செங்குத்தான சரிவைக் காட்டுமே தவிர, அடிப்புள்ளி இருக்கும் திசையைக் காட்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஓடை ஏன் கோணலாகக் கிடக்கிறது? m-ஐயும் b-யையும் பிணைப்பது Σx. நமக்கு அது 10. அதைப் பூச்சியமாக்கிவிட்டால் பிணைப்பு அறுந்துவிடும். x-இன் சராசரி 2.5. எல்லா x-லிருந்தும் அதைக் கழித்து u என்று பெயர் வைப்போம்.

[திரையில்: u = −1.5, −0.5, 0.5, 1.5. y = mu + c]

கோடு இப்போது புள்ளிகளின் நடுவை அச்சாகக் கொண்டு சுழலும், சீசா பலகை மாதிரி. அதே படுக்கைக் கோடு, அதே பிழைகள்: −3, −2, 0, 1. Σue = 4.5 + 1 + 0 + 1.5 = 7. m-க்கான பகுதி −14. அதாவது m-ஐக் கூட்டு! கோடு மாறவில்லை, பிழை மாறவில்லை. அச்சை நகர்த்தியதும் +6 ஆக இருந்தது −14 ஆகிவிட்டது. இப்போது கண்ணும் கணக்கும் ஒன்றையே சொல்கின்றன.

படி அளவையும் தாராளமாக 0.1 வைக்கலாம், இங்கே வரம்பு 0.2. முதல் படியிலேயே m = 1.4 ஆகிவிடுகிறது, c = 4.2. அடுத்த படிகளில் c 4.04, 4.008 என்று 4-ஐ நெருங்குகிறது. m அசையவே இல்லை, ஏனென்றால் 1.4-தான் அதன் இறுதி மதிப்பு.

[திரையில்: y = 4 + 1.4(x − 2.5) = 1.4x + 0.5]

இந்தக் கோட்டின் பிழைகள் 0.1, −0.3, 0.3, −0.1. கூட்டினால் பூச்சியம். x-ஆல் பெருக்கிக் கூட்டினால் 0.1 − 0.6 + 0.9 − 0.4, அதுவும் பூச்சியம். கிரேடியன்ட்டின் இரண்டு பகுதிகளும் அடங்கிவிட்டன, S = 0.20. உண்மையில் நேர்கோட்டுக்கு இப்படிப் படிப்படியாக இறங்க வேண்டிய அவசியமே இல்லை. 1805-ல் லெஜாந்தர் மீச்சிறு வர்க்க முறையை வெளியிட்டபோதே, வகைக்கெழுக்களைப் பூச்சியத்துக்குச் சமமாக்கி வரும் சமன்பாடுகளை நேராகத் தீர்த்துவிட்டார். இறங்கிப் பார்ப்பதில் உள்ள லாபம், பள்ளத்தின் வடிவம் நமக்குப் புலப்படுவதுதான்.

[திரையில்: x-அச்சில் 1, 2, 3, 4 மறைந்து 2021, 2022, 2023, 2024 வருகின்றன]

கடைசியாக, x-அச்சில் ஆண்டுகளை எழுதிப் பாருங்கள். y அதேதான், படம் அச்சு அசலாக அதேதான். ஆனால் Σx² இப்போது 1,63,62,030. படி அளவின் வரம்பு 0.00000006 அளவுக்கு இறங்கிவிடுகிறது. 0.01 வைத்து ஓட்டினால் சில நொடிகளில் திரையில் nan, அதாவது எண்ணே இல்லை, என்று வந்து நிற்கும். பலரும் தரவில்தான் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பார்கள். சரியான விடையில் m அதே 1.4, ஆனால் b = −2827.5. ஏனென்றால் b என்பது பூச்சியமாவது ஆண்டில் கோட்டின் உயரம். அங்கிருந்து நீட்டிய 2000 அலகு நீளக் கம்பின் நுனியில்தான் நம் நான்கு புள்ளிகளும் தொங்குகின்றன. m-ஐ 0.01 மட்டும் அசைத்தாலும், கோட்டைப் புள்ளிகளின் மேல் பிடித்துவைக்க b இருபது அலகுக்கு மேல் நகர்ந்தாக வேண்டும். 2022.5-ஐக் கழித்துவிட்டால் u மறுபடியும் அதே −1.5, −0.5, 0.5, 1.5.