நம்பிப் போகலாமா? தோட்டப்புறப் பட்டணத்தில் ஒரு பல் டாக்டரின் அறிமுகப் பக்கம்

[திரையில்: சுங்கை சிப்புட் கடைவரிசை. மாடிப்படி ஓரத்தில் ஒரு பல் கிளினிக்கின் பலகை.]

குரல்: வணக்கம். சுங்கை சிப்புட் மாதிரி ஒரு பட்டணத்தில் புதிதாகக் கிளினிக் திறக்கும் பல் டாக்டருக்காக இந்த வீடியோ. மற்ற டாக்டர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இங்கே வாய்வழிச் செய்திதான் முதலில் ஓடும். தோட்டத்தில் ஒருவருக்குப் பல் நல்லபடியாகப் பிடுங்கிவிட்டால், வெள்ளிக்கிழமை கோயிலில் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். ஆனால் இப்போது இன்னொன்றும் நடக்கிறது. ஷா ஆலமில் வேலை செய்யும் மகள், அம்மாவை அனுப்புவதற்கு முன் கைப்பேசியில் அந்த டாக்டரின் பெயரைத் தேடிப் பார்க்கிறாள். அதே பக்கத்தைப் பக்கத்துத் தெரு டாக்டரும் பார்க்கிறார், தன் நோயாளியை இவரிடம் அனுப்பலாமா என்று யோசித்தபடி. இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்து அந்தப் பக்கத்தை எழுதவேண்டும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். பி.டி.எஸ். முடித்து, அரசாங்கப் பணியில் இருந்துவிட்டுச் சொந்தக் கிளினிக் திறந்த ஒரு பல் டாக்டர். நாம் கற்பனை செய்துகொள்ளும் ஆள்தான். அச்சுக்கடையில் அவருக்கு எழுதிக்கொடுத்த வாசகம் இது.

[திரையில்: "சுங்கை சிப்புட்டின் நம்பர் 1 பிரேசஸ் ஸ்பெஷலிஸ்ட்! வலியே தெரியாது! 100% உத்தரவாதம்!"]

குரல்: பார்க்க உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் நிற்கக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லை.

முதலில் 'ஸ்பெஷலிஸ்ட்'. பல்லைச் சீர்படுத்தும் ஆர்த்தோடாண்டிக்ஸ் ஒரு தனி நிபுணத்துவத் துறை. பி.டி.எஸ். படித்த பொதுப் பல் டாக்டர் தன் திறமைக்கு உட்பட்ட அளவில் பிரேசஸ் போடலாம். நிபுணர் என்று போட்டுக்கொள்ள முடியாது. பல் மருத்துவச் சட்டம் 2018, 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். மற்ற டாக்டர்களுக்கும் இதே கதைதான்: மலேசிய மருத்துவ மன்றத்தின் தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். பிரேசஸ் என்றதும் இங்கே மக்கள் கொஞ்சம் தயங்குவதற்குக் காரணமும் உண்டு. படிப்பே இல்லாமல் வீட்டு அறையிலும் அழகு நிலையத்திலும் கம்பி மாட்டிவிட்டவர்கள் பிடிபட்டு நீதிமன்றம் போன செய்திகளை அவர்கள் படித்திருக்கிறார்கள். அந்தப் போலிகள் பேசுகிற அதே வார்த்தையில் உண்மையான டாக்டரும் பேசினால், இருவரையும் அந்த மகள் எப்படிப் பிரித்தறிவாள்?

அடுத்து 'நம்பர் 1'. யாரும் எண்ணிப் பார்த்துக் கொடுத்த இடமில்லை அது. அதோடு, அதே பட்டணத்தில் இருக்கும் மற்றப் பல் டாக்டர்களைக் கீழே தள்ளுகிற பேச்சு. மருத்துவ நெறி இதை ஒப்புக்கொள்ளாது. 'வலியே தெரியாது', 'உத்தரவாதம்' இரண்டும் கையை மீறிய வாக்குறுதிகள். சீழ் கட்டிய கடைவாய்ப் பல்லில் சில நேரம் மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காது என்பது எந்தப் பல் டாக்டருக்கும் தெரியும். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பலகையை நினைத்துக்கொள்வார்.

சரி, என்ன எழுதலாம்?

[திரையில்: புதிய வாசகம், வரிவரியாக.]

"பொதுப் பல் மருத்துவர். பி.டி.எஸ்., பட்டம் பெற்ற பல்கலைக்கழகம், ஆண்டு. மலேசியப் பல் மருத்துவ மன்றப் பதிவு எண். தமிழ், மலாய், ஆங்கிலம் பேசுவார். பல் பிடுங்குதல், அடைத்தல், ஈறு சுத்தம், பொய்ப்பல், வாய்ப் பரிசோதனை. கடைவாய்ப் பல் அறுவைக்கும் சிக்கலான பிரேசஸுக்கும் நிபுணரிடம் அனுப்பிவைப்போம். சக்கர நாற்காலி வரலாம் / மாடிப்படி உண்டு."

குரல்: கடைசி வரியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மேல்மாடிக் கிளினிக்குக்கு முட்டிவலிக்காரப் பாட்டியை அழைத்து வந்து, கீழேயே திருப்பி அனுப்பிய குடும்பம் இன்னொரு தடவை வராது. 'நிபுணரிடம் அனுப்பிவைப்போம்' என்ற வரிதான் எனக்கு இந்தப் பக்கத்திலேயே மிகவும் பிடித்தது. தன் எல்லை எது என்று ஒரு டாக்டர் வெளிப்படையாகச் சொன்னால், அந்த எல்லைக்குள் அவர் செய்வதை நம்பலாம் என்று மற்ற டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

பதிவு எண்ணை மறைக்கக் காரணமே இல்லை. யாரும் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் எடுக்கும் தொழில் சான்றிதழ் டிசம்பர் 31 வரைதான் செல்லும் என்பதால், ஜனவரி பிறந்ததும் சுவரில் மாட்டியிருப்பது புதியதுதானா என்று பாருங்கள்.

இங்கே ஒரு சட்டம் குறுக்கே வரும். மருந்து விளம்பரம் மற்றும் விற்பனைச் சட்டம் 1956. சிகிச்சைச் சேவையை விளம்பரப்படுத்த மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கிடைத்த விளம்பரத்தில் KKLIU என்று தொடங்கும் எண் இருக்கும். 'ஃபேஸ்புக்கில் போட்டதுதானே' என்பது விலக்கு ஆகாது. பெயர்ப்பலகைத் தகவலைத் தாண்டி, காசு கட்டிப் பரப்பும் ஒரு பதிவைப் போடுமுன் வாரியத்திடம் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

[திரையில்: கூகள் பக்கம். ஒரு நட்சத்திரம் கொடுத்த ஒரு கருத்து.]

குரல்: இப்போது ஒருவர் கோபமாக எழுதுகிறார்: "ரூட் கேனல் செய்தும் வலி போகவில்லை. காசுதான் வீண்." டாக்டருக்கு அந்த நோயாளி யார் என்று தெரியும். விரல் துடிக்கிறது. "நீங்கள் வந்த அன்றே சீனி அதிகமாக இருந்தது, இரண்டாவது அப்பாய்ண்ட்மெண்டுக்கும் வரவில்லையே" என்று எழுதிவிட்டார். சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். இவர் நம் நோயாளி என்பதையும், இவருக்குச் சீனி வியாதி என்பதையும் ஊருக்கே சொல்லியாகிவிட்டது. உடல்நலத் தகவலை 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூடுதல் கவனம் வேண்டிய தரவாக வைத்திருக்கிறது. அதற்கு முன்பே நம் தொழிலின் இரகசியக் கடமை இருக்கிறது.

இப்படி எழுதினால் போதும்: "எழுதியதற்கு நன்றி. யாருடைய சிகிச்சையைப் பற்றியும் நாங்கள் பொதுவில் பேசுவதில்லை. உங்கள் குறையை நேரில் கேட்க விரும்புகிறேன். கிளினிக்கிற்கு அழைத்து என்னிடம் பேசுங்கள்." வந்தவரா வராதவரா என்பதுகூட இதில் தெரியாது. படிக்கும் அடுத்தவர், இந்த டாக்டரிடம் போனால் நம் விஷயம் வெளியே போகாது என்று புரிந்துகொள்வார். பாராட்டிக் கருத்து எழுதச் சொல்லி நோயாளிகளைக் கேட்பதும், அதற்குச் சலுகை கொடுப்பதும் வேண்டாம். பல்லில் வலியோடு உட்கார்ந்திருப்பவரால் டாக்டரிடம் 'முடியாது' என்று சொல்ல முடியுமா?

புகைப்படமும் அப்படித்தான். முகத்தை மறைத்துவிட்டோம், வாய் மட்டும்தானே என்பார்கள். வெற்றிலைக் கறை படிந்த பல், மேல் வரிசையில் ஒரு தங்கப்பல், ஓரத்தில் தெரியும் மூக்குத்தி, கீழே 'தோட்டத்தைச் சேர்ந்த 58 வயது மாது' என்ற வரி. சின்னப் பட்டணத்தில் அது யார் என்று மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

[திரையில்: வெள்ளைத்தாளில் ஒரு பரிந்துரைக் கடிதம்.]

குரல்: அதே மாதைப் பற்றித்தான் இனிப் பேசப்போகிறேன். நோயாளி பார்க்காத இடத்தில், மற்ற டாக்டர்களிடம் ஒரு டாக்டரின் பெயர் இந்தக் கடிதத்தில்தான் உருவாகிறது.

அவர் பொய்ப்பல் இறுக்குகிறது என்று வந்தார். பல ஆண்டுகளாக வெற்றிலை, பாக்கு, புகையிலை. சவைத்ததை ஒதுக்கிவைக்கும் இடது கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு, நடுவில் சிவப்பு. வாய்ப் புற்றுநோய் மலேசிய இந்தியர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், மற்ற இனத்தாரைவிட அதிகம். வெற்றிலைப் பழக்கம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத எந்தப் புண்ணையும், திட்டையும் நிபுணர் பார்க்கவேண்டும். வெள்ளையைவிடச் சிவப்பு கலந்தது கூடுதல் கவலை தருவது.

'வாயில் புண், தயவுசெய்து பார்க்கவும்' என்று ஒரு வரியில் எழுதி அனுப்பினால், ஈப்போ மருத்துவமனையில் அந்தக் கடிதத்தைப் பிரிப்பவருக்கு எது அவசரம் என்று தெரியாது. நம் டாக்டர் எழுதியது இது:

"இடது கன்ன உட்புறம், கடைவாய்ப் பல் மட்டத்தில், 20க்கு 15 மில்லிமீட்டர் வெள்ளைத் திட்டு, நடுவில் சிவப்பு. ஓரம் தொட்டால் கெட்டி. 2 மாதமாகக் கவனித்ததாகச் சொல்கிறார். கழுத்தில் கட்டி தட்டுப்படவில்லை. வெற்றிலையோடு புகையிலை, சுமார் 30 ஆண்டுகள். சீனி வியாதி, மெட்ஃபார்மின் எடுக்கிறார். ஒவ்வாமை இல்லை. புற்று அல்லது அதற்கு முந்திய நிலை இருக்குமோ என்ற சந்தேகத்தில் அனுப்புகிறேன். நான் திசு எடுக்கவில்லை. மகளின் எண் கீழே, நோயாளியின் சம்மதத்துடன்."

கடிதம் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் வாய் மற்றும் முக அறுவைப் பிரிவுக்குப் போகிறது. அனுப்பியதோடு விடாமல், தேதி கிடைத்ததா என்று அடுத்த வாரம் கிளினிக்கிலிருந்து அழைக்கிறார்கள். வேன் இல்லை, மகனுக்கு லீவு இல்லை என்று தோட்டத்து ஆட்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான். அந்த மாது சீனி மருந்து வாங்கும் குடும்ப டாக்டருக்கும், அவர் சம்மதத்தோடு, ஒரு பிரதி போகிறது.

அந்தக் குடும்ப டாக்டர்தான் ஒரு மாதம் கழித்து அழைக்கிறார். ஈறு வீங்கிப் பல் ஆடும் சீனிக்காரர்கள் தன்னிடம் நிறைய இருக்கிறார்கள், அனுப்பலாமா என்கிறார். கூடவே, "ஒரு ஆளுக்கு 50 ரிங்கிட் மாதிரி எனக்குப் பார்த்துச் செய்வீர்களா?" என்று கேட்டுவைக்கிறார்.

பதில் 'இல்லை' என்றுதான் இருக்கவேண்டும், நட்பு கெட்டாலும். ஆள் அனுப்பக் காசு வாங்குவதும் கொடுப்பதும் பல் மருத்துவ மன்றம், மருத்துவ மன்றம் இரண்டின் நெறிக்கும் எதிரானது. அந்த 50 ரிங்கிட் கடைசியில் தோட்டத் தொழிலாளியின் பில்லில்தான் ஏறும். இப்படிச் சொல்லலாம்: "காசு விஷயம் வேண்டாம் அண்ணே. நீங்க அனுப்புற ஒவ்வொருத்தருக்கும் என்ன பார்த்தேன், என்ன செய்தேன்னு ஒரு வாரத்துக்குள்ள பதில் எழுதறேன். நீங்க அவங்களோட கடைசி எச்.பி.ஏ.1.சி. சீனி அளவையும் மருந்துப் பட்டியலையும் எழுதி அனுப்புங்க. ஈறு சரியானா சீனியும் கொஞ்சம் அடங்கும், உங்களுக்கும் அது உதவும்." அவர் ஒத்துக்கொண்டால், முதல் பதில் கடிதத்தை அதே வாரம் அனுப்பிவிடுங்கள்.