கோபத்துல இருக்கிற குழந்தைகிட்ட "மூச்சை இழு"ன்னு சொல்லாதீங்க! | வகுப்பறையில அமைதி மூலை

(திரையில்: ஆவி பறக்கும் பால் டம்ளர். பக்கத்தில் ஜிகினா மிதக்கும் பாட்டில்.)

அஞ்சு வயசுப் பிள்ளை ஒண்ணு கையை இறுக்கி மூடிக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்குது. நீங்க பக்கத்துல போய், "நல்லா மூச்சை இழுடா கண்ணு"ன்னு சொல்றீங்க. பிள்ளையும் இழுக்குது. தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறுது, நெஞ்சு விடைக்குது, முன்னைவிட இன்னும் முறைப்பா நிக்குது! இழுக்கச் சொன்னதுதான் இங்க தப்பு. ஊதச் சொல்லியிருக்கணும்.

வணக்கம். ஒண்ணாம் வகுப்பு, ரெண்டாம் வகுப்பு டீச்சருங்க, அங்கன்வாடி, நர்சரி டீச்சருங்க, எல்லாரும் பக்கத்துல ஒரு பேப்பர் பேனா வச்சுக்குங்க. அளவெல்லாம் சொல்லப் போறேன்.

அமைதி மூலைன்னா என்னன்னு ஒரே மூச்சுல சொல்லிடறேன்: வகுப்புக்குள்ளயே ஒரு பாய், ஒரு தலகாணி, ரெண்டு மூணு பொருள். கோபம் வந்த பிள்ளை அங்க போய் உக்காந்து, ஆறினதும் திரும்பி வரும். டீச்சர் கண்ணுக்குத் தெரியிற இடமா இருக்கணும், பீரோவுக்குப் பின்னாடி கூடாது. வாசல் பக்கமும் கூடாது, கோபத்துல பிள்ளை வெளிய ஓடிடும். அவ்வளவுதான்.

ஆனா நம்ம ஊர்ல இதுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கு. "மூலை"ங்கிற வார்த்தையே நம்ம வகுப்பறையில தண்டனை வார்த்தை. "போய் மூலையில நில்லு"ன்னு தலைமுறை தலைமுறையா சொல்லியிருக்கோம். அதனால "அமைதி மூலைக்குப் போ"ன்னதும் பிள்ளை காதுல விழறது "மூலைக்குப் போ" மட்டும்தான். பேரை மாத்துங்க. எண்ணும் எழுத்தும் வகுப்புகள்ல கதைக் களம், பாடல் களம்னு பிள்ளைங்களுக்கு ஏற்கனவே பழக்கம் இருக்கு. அது மாதிரி இதையும் ஒரு களமா வைங்க. பிள்ளைங்களே பேர் வச்சா இன்னும் நல்லது. "குளுகுளு பாய்"னு வச்சாலும் சரிதான்.

(திரையில்: இரண்டு டம்ளர்களுக்கு இடையே பாலை ஆற்றும் கை.)

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. "ஆறுவது சினம்"னு ஒவ்வொரு பிள்ளையும் ஆத்திச்சூடியில ஒப்பிக்குது. சினம் ஆறும். பாலும் ஆறும். காயமும் ஆறும். எல்லாத்துக்கும் தமிழ்ல ஒரே வார்த்தை. பால் எப்படி ஆறுது? அதட்டினா ஆறாது. ஊதணும், கொஞ்சம் நேரம் கொடுக்கணும். கோபத்துக்கும் அதே வைத்தியம்தான், இது வெறும் உவமை இல்ல. இப்பவே மணிக்கட்டுல விரல் வச்சு உங்க நாடியைப் பாருங்க. மூச்சை உள்ள இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், மெதுவா வெளிய விடும்போது கொஞ்சம் நிதானமாகும். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு இதயத்துக்குப் போடுற பிரேக் இறுகுது, இழுக்கும்போது தளருது. பிரேக் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கணும்னா, இழுக்கிற நேரத்தைவிட விடற நேரம் நீளமா இருக்கணும். வீடியோவை நிறுத்திட்டு நாலஞ்சு தடவை செஞ்சு பாருங்க, நான் காத்திருக்கேன்.

இதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது? பால் ஆத்துற விளையாட்டு. ரெண்டு கையையும் குவிச்சு டம்ளர் மாதிரி பிடிக்கச் சொல்லுங்க. "உள்ள சூடான பால் இருக்கு. மணம் பாரு." மூக்கால ரெண்டு எண்ற வரைக்கும் உள்ள. "இப்ப ஆத்து." உதட்டைக் குவிச்சு நாலு எண்ற வரைக்கும் வெளிய. "வேகமா ஊதினா மூஞ்சியில தெறிக்கும்!" இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுடாதீங்க. "மெதுவா ஊது"ன்னு சொன்னா பிள்ளைக்குப் புரியாது. பால் தெறிக்கும்னா தானே மெதுவாக்கிடும். ஒரு தடவைக்கு அஞ்சு டம்ளர் போதும். உற்சாகத்துல புஸ் புஸ்னு இருபது தடவை ஊதினா தலை கிறுகிறுக்கும். அப்படி ஊதற பிள்ளையைப் பார்த்தா, "டம்ளரைக் கீழ வைடா தங்கம்"னு நிறுத்திடுங்க.

"கோபம் வந்தா தலகாணியைக் குத்தட்டும், வெளிய போயிடும்"னு சொல்றவங்க நிறைய. வேண்டாம். 2024-ல 154 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. உடம்பை அடக்கி அமைதியாக்குற செயல்கள் கோபத்தைக் குறைச்சுது, உடம்பைக் கிளப்பிவிடற செயல்கள் மொத்தத்துல குறைக்கல. அந்தப் பாய்ல இருக்கிற தலகாணி கட்டிப் பிடிச்சுக்கத்தான்.

(திரையில்: மேசை மேல் பொருட்கள்.)

அடுத்து ஜிகினா பாட்டில். குலுக்கி வச்சா உள்ள இருக்கிற ஜிகினா மெதுவா அடியில படியும், அதைப் பார்த்துக்கிட்டே பிள்ளையும் ஆறும். செய்யிறதுல பாதிப் பேர் தோத்துப் போறாங்க, அதனால இதைப் பொறுமையாச் சொல்றேன்.

அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், கெட்டியானது. கடையில தண்ணி வாங்குற மெல்லிசு பாட்டில் ஒரு தடவை எறிஞ்சாலே நசுங்கிடும், கண்ணாடி பாட்டில் கிட்டயே வேண்டாம். அதுல 350 மில்லி வெதுவெதுப்பான தண்ணி. காய்ச்சி ஆற வச்சதா இருந்தா சீக்கிரம் நாறாது. 100 மில்லி பசை, ஆனா கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கிற பசை. மரவேலைக்குப் போடற வெள்ளைப் பசையைப் போட்டா மோர் மாதிரி கலங்கிடும், ஜிகினா தெரியவே தெரியாது. பசையைக் குளிர்ந்த தண்ணில போட்டா கட்டி கட்டியா நிக்கும், அதுக்குத்தான் வெதுவெதுப்பு. ரெண்டு டீஸ்பூன் ஜிகினா தூள், பொடிசும் நடுத்தரமும் கலந்து. பெருசு முதல்ல இறங்கும், பொடிசு கடைசி வரைக்கும் தொங்கும், பார்க்கிற கண்ணு அங்கயே நிக்கும். கேசரிக் கலர் ஒரு சிட்டிகை. மேல ரெண்டு விரல் இடம் விடுங்க, இல்லன்னா குலுக்கினாலும் கலங்காது.

இப்ப ஜிகினா பாதி மேலயே ஆடை மாதிரி மிதக்கும். பாட்டில் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. தண்ணியோட மேற்பரப்பு இழுவிசை அதைத் தாங்கிப் பிடிச்சிருக்கு. பாத்திரம் கழுவுற திரவம் ஒரே ஒரு சொட்டு விடுங்க, பொலபொலன்னு இறங்கும். ரெண்டாவது சொட்டு விட்டா வெறும் நுரைதான்.

மூடியை உடனே ஒட்டாதீங்க. குலுக்கி வச்சுட்டு, போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு, முக்கால்வாசி ஜிகினா அடியில படிய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. ஒன்றரையிலிருந்து ரெண்டு நிமிஷம் சின்னப் பிள்ளைக்குச் சரி. அரை நிமிஷத்துல படிஞ்சா ஒரு ஸ்பூன் பசை சேருங்க. அஞ்சு நிமிஷம் ஆகியும் தொங்கிட்டே இருந்தா கொஞ்சத்தைக் கொட்டிட்டு வெதுவெதுப்பான தண்ணி ஊத்துங்க. மறுநாள் இன்னொரு தடவை பார்த்துட்டு, மூடியைச் சுத்தி எபாக்ஸி பசை வச்சு அடைச்சிடுங்க.

இந்தப் பாட்டிலுக்கு ஒரே விதி: மூணு குலுக்கு, கீழ வை, கை வயித்து மேல. கையிலயே வச்சு விடாம ஆட்டிட்டு இருந்தா அது உடம்பைக் கிளப்பிவிடற வேலை, ஆத்துற வேலை இல்ல.

(திரையில்: நீலம், மஞ்சள், சிவப்பு காகித டம்ளர்கள்.)

ஆனா பாட்டிலும் பாயும் இருந்தும் எதுவுமே நடக்காத வகுப்புகள் இருக்கு. காரணம் ஒண்ணுதான். பிள்ளை கொதிக்கும்போதுதான் அதை முதல் தடவையாக் காட்டறாங்க. நடுக்கிணத்துல விழுந்தவனுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்க முடியுமா? கோபம் இல்லாதப்பவே, தினமும் பிரேயர் முடிஞ்சு அஞ்சு நிமிஷம், ரெண்டு வாரம் விளையாடணும்.

மூணு காகித டம்ளர்: நீலம் ஆறிப்போன பால், மஞ்சள் வெதுவெதுப்பு, சிவப்பு கொதி. ஒவ்வொரு பிள்ளை பேர்லயும் ஒரு ஐஸ் குச்சி. காலையில வந்ததும் அவங்கவங்க குச்சியை ஒரு டம்ளர்ல போடணும். அப்புறம் கேளுங்க: "மஞ்சள்ல இருக்கும்போது உடம்புல எங்க தெரியுது?" காது சூடாகுது, பல்லு கடிக்குது, கை மூடுது, வயித்துல என்னமோ பண்ணுதுன்னு ஒவ்வொண்ணும் ஒரு பதில் சொல்லும். ஒரு பிள்ளையைத் தரையில சார்ட் பேப்பர் மேல படுக்க வச்சு, சுத்தி வரைஞ்சு, கோபம் தெரியிற இடத்துல எல்லாரும் சிவப்பு கிரேயான் தீட்டட்டும். மஞ்சள்லயே பிள்ளை தன்னைக் கண்டுபிடிக்கிறதுக்குத்தான் இவ்வளவும். சிவப்புல நாம பேசற எந்த வார்த்தையும் உள்ள ஏறாது. ஒரு சந்தேகம் வரும்: தினமும் சிவப்புலயே போடுற பிள்ளை? முதல் வாரம் கலர் பிடிச்சுப் போடும், விடுங்க. அதுக்கப்புறமும் போட்டா, காலையில சாப்பிட்டுச்சான்னு முதல்ல கேளுங்க.

இப்ப ஒரு சம்பவத்தை எடுத்துக்கலாம். ஒண்ணாம் வகுப்பு, மதியம் கை கழுவுற வரிசை. ஒருத்தன் இடையில புகுந்துட்டான், இன்னொருத்தன் ஓங்கி முதுகுல ஒண்ணு வச்சுட்டான். முதல்ல அடி வாங்கினவனைப் பாருங்க. அவனைக் கவனிக்காம அடிச்சவன்கிட்ட போனா, அடிச்சாத்தான் டீச்சர் வருவாங்கன்னு வகுப்பே கத்துக்கும். அப்புறம் அடிச்சவன் பக்கத்துல, நேருக்கு நேரா நிக்காம, பக்கவாட்டுல குத்துக்கால் போட்டு உக்காருங்க. "ஏன் அடிச்ச?" வேண்டாம், "ஸாரி சொல்லு"வும் இப்ப வேண்டாம். "கொதிக்குதா?" ஒரே வார்த்தை. தலையாட்டுவான். "வா, பாய்க்குப் போலாம்." வரலன்னா இழுக்காதீங்க, பாட்டிலை அவன் பக்கத்துல வச்சுட்டு நீங்களே பால் ஆத்துங்க.

ஜிகினா ஒரு தடவை படிஞ்சு முதல் சுத்து முடிஞ்சதும் அவனைப் பாருங்க. கண்ணு இன்னும் அந்தப் பையன் மேலயே இருக்கு, தாடை இறுகியிருக்கு. பேசாதீங்க, இன்னொரு தடவை குலுக்கட்டும். ரெண்டாவது, மூணாவது சுத்துல தோள் இறங்கும், விரல் விரியும், பாய் நுனியை நோண்ட ஆரம்பிப்பான். அப்பத்தான் "என்ன ஆச்சு?" "என் இடம் மிஸ், நான்தான் முதல்ல நின்னேன்." "ம், நீதான் முதல்ல நின்ன. அடிச்சது வலிக்கும்ல, அதுக்கு என்ன பண்ணலாம்?" அடி வாங்கினவனுக்குத் தட்டு எடுத்து வைக்கிறேன்னு சொன்னா, அது வாயால சொல்ற ஸாரியை விடப் பெருசு. பத்து நிமிஷம் ஆகும். சோறு ஆறிடும், பரவாயில்ல.

ஒரு பையன் கணக்கு பீரியட்ல மட்டும் பாய்க்குப் போறானா? களத்தை மூடாதீங்க, கணக்கு அவனுக்கு எட்டலைன்னு அர்த்தம். பத்துக்குப் பதிலா நாலு கணக்கு கொடுங்க. வாரக்கணக்குல தினமும் அடி நடக்குதுன்னா பாட்டிலால தீராது. காது சரியாக் கேக்குதா, தூங்குறானா, வீட்டுல என்ன நடக்குதுன்னு பெற்றோரோட உக்காந்து பேசுங்க, மருத்துவர்கிட்ட காட்டச் சொல்லுங்க. யாரையும் அங்க வலுக்கட்டாயமா உக்கார வைக்காதீங்க. வச்சா அது பழைய மூலைதான், மன உளைச்சல் கொடுக்கிறதையும் சேர்த்துத்தான் 2009 கல்வி உரிமைச் சட்டம் தடை பண்ணியிருக்கு.

பாட்டில் செஞ்சு பார்த்தவங்க, எத்தனை நொடியில படியுதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. நாப்பதுக்குக் கீழ இருந்தா இப்பவே பதில் சொல்லிடறேன்: இன்னும் ஒரு ஸ்பூன் பசை.