பால் கொடுக்கும் தாய்க்கு ஊசி போடலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

பால் குடிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் அம்மாவுக்கு ஊசி போட வேண்டி வந்தால், உடனே எழும் கேள்வி ஒன்றுதான்: "ஊசி மருந்து பாலில் இறங்கிவிடாதா?" மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். சில நேரம் ஊசி போட வேண்டியவரே, "எதற்கும் மூன்று நாள் பால் கொடுக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் ஏறக்குறைய எந்தத் தடுப்பூசிக்கும் இல்லை. விலக்கு மிகச் சில. அவற்றில் பயணம் போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நம் ஊரில் அடிக்கடி நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: நாய்க்கடி.

இரண்டு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் ஒரு தாய். எடை 50 கிலோ. தெருநாய் கெண்டைக்காலில் கடித்து ரத்தம் வந்துவிட்டது. முதல் வேலை, குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தை முழுதாக 15 நிமிடம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். நாம் 15 நிமிடம் என்று நினைப்பது பல நேரம் இரண்டு நிமிடமாகத்தான் இருக்கும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கும் முன் கைகளையும் சோப்பால் கழுவி, நாயின் எச்சில் பட்ட சேலையை மாற்றிவிட வேண்டும். பிறகு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அங்கே இரண்டு வகை மருந்து போடுவார்கள். ஒன்று தடுப்பூசி. அரசு மருத்துவமனைகளில் இதைத் தோலுக்குள் போடுவது வழக்கம்: ஒவ்வொரு தோளிலும் 0.1 மில்லி, கடித்த அன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில். ஆக நான்கு முறை போக வேண்டும். ஊசி சரியாக இறங்கியதா என்பதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். போட்ட இடத்தில் கொசு கடித்த தடிப்பைப் போல ஒரு சின்னக் கொப்புளம் எழும்பும். அதன் மேல்தோல் ஆரஞ்சுப் பழத்தோலைப் போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அப்படி எழும்பவில்லை என்றால் மருந்து ஆழமாகப் போய்விட்டது, அந்த டோஸைப் பக்கத்தில் வேறு இடத்தில் மறுபடி போட வேண்டும். தயங்காமல் செவிலியரிடம் கேளுங்கள். சில இடங்களில் தசையிலும் போடுவார்கள். அதற்கு நாள் கணக்கு வேறு, சீட்டில் எழுதித் தருவார்கள்.

ரத்தம் வந்த கடி என்பதால் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரதத்தைக் காயத்திலும் அதைச் சுற்றியும் செலுத்துவார்கள். குதிரையிலிருந்து எடுத்ததென்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனித ரத்தத்திலிருந்து எடுத்ததென்றால் கிலோவுக்கு 20 யூனிட். நாம் சொன்ன தாய்க்கு முறையே 2,000 அல்லது 1,000 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது. முதல் நாள் அது கிடைக்காவிட்டால், முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பயனில்லை, ஏனென்றால் அதற்குள் உடம்பே எதிர்ப்பை உண்டாக்கத் தொடங்கிவிடும்.

இனி பால். அந்தத் தாய் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து, மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்தபடியே பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். ஒரு வேளைகூடத் தள்ளிப்போட வேண்டாம். காரணம் சொல்கிறேன். நாய்க்கடித் தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். அதற்குப் பெருகும் சக்தி கிடையாது. தோலில் இறங்கிய அந்தத் துளியை அங்குள்ள செல்கள் எடுத்து அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோகின்றன. பாடம் அங்கேதான் நடக்கிறது. அதையும் மீறி ஏதோ ஒரு துணுக்குப் பாலுக்கு வந்தாலும், பிள்ளையின் வயிறு அதை வேறு எந்தப் புரதத்தையும் போலச் செரித்துவிடும். இம்யூனோகுளோபுலினும் புரதம்தான்.

"ஊசி இருக்கட்டும், நாய்க்கடியின் விஷமே பாலில் வந்தால்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம். ஆனால் ரேபிஸ் வைரஸ் ரத்தத்தின் வழியே உடம்பெங்கும் பரவுவதில்லை. காயத்திலிருந்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கி ஏறுகிறது. அது ஏறுவதற்குள் தடுக்கத்தான் இவ்வளவும் செய்கிறோம். சிகிச்சையை உடனே தொடங்கிய, நோய்க்குறி எதுவும் இல்லாத தாய் பாலை நிறுத்தத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: தாய்க்குப் போட்ட ஊசி பிள்ளையைக் காக்காது. அதே நாய் பிள்ளையின் வாயையோ கண்ணையோ நக்கியிருந்தால், நகம் கீறியிருந்தால், பிள்ளைக்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். தடுப்பூசியின் அளவு பெரியவர்களுக்குப் போடும் அதே அளவுதான். தோளுக்குப் பதிலாகத் தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில் போடுவார்கள். புட்டத்தில் போடக் கூடாது.

இந்த ஊசியைப் பற்றிய பழைய பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியைப் பெரியவர்கள் மறக்கவில்லை. அது ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்டது. அரிதாகச் சிலருக்கு நரம்பையே பாதித்தது உண்மை. 2004 இறுதியில் இந்தியா அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இன்று போடுவது முற்றிலும் வேறு மருந்து.

அடுத்து, ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சல். குழப்பம் இங்கேதான் அதிகம். தடுப்பூசியால் வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வந்து, இரண்டு நாளில் போய்விடும். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்று போதும், பால் கொடுப்பவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஆஸ்பிரின் வேண்டாம். ஊசி போட்ட பக்க அக்குளில் சிலருக்கு நெறி கட்டும். பால்தான் கட்டிக்கொண்டது என்று நினைத்துக் கசக்கிவிடுவார்கள். அது தானே வற்றும், தொட வேண்டாம்.

ஆனால் "ஊசி போட்டிருக்கிறது, பால் கொடுக்காதே" என்று நிறுத்தினால் என்ன ஆகும்? பால் ஊறிக்கொண்டேதான் இருக்கும். அடுத்த நாள் மார்பு கல்லாகும், ஒரு பக்கம் சிவந்து சுடும், குளிர்காய்ச்சல் வரும். வீட்டில் உள்ளவர்கள் "பார்த்தாயா, ஊசிதான்" என்பார்கள். இல்லை, அது பால் கட்டியதால் வந்த காய்ச்சல். அடையாளம் எளிது: ஒரு மார்பில் மட்டும் ஒரு பகுதி சிவந்து, கெட்டியாக, தொட்டால் வலிக்கும். அதற்கு முதல் மருந்து பிள்ளையை அடிக்கடி அந்தப் பக்கம் குடிக்க வைப்பதுதான். 24 மணி நேரத்தில் தணியாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நாய்க்கடி ஊசிக்குச் சொன்னது டி.டி. ஊசிக்கும், மஞ்சள்காமாலை பி ஊசிக்கும், ஃப்ளூ ஊசிக்கும், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கும் அப்படியே பொருந்தும். இவை எதிலும் பெருகக்கூடிய கிருமி கிடையாது.

உயிருள்ள, ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட கிருமி இருக்கும் ஊசிகள் வேறு வகை. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசி அதில் ஒன்று. கர்ப்பத்தில் பரிசோதித்து ரூபெல்லா எதிர்ப்பு இல்லை என்று தெரிந்தவர்களுக்கு, பிரசவம் முடிந்ததும் இதைப் போடச் சொல்வார்கள். ஊசியின் ரூபெல்லா வைரஸ் சிலருடைய பாலில் வருவது உண்மைதான், ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளை அது தொற்றுவதில்லை. தொற்றினாலும் லேசாகக் கடந்துவிடும். எனவே பால் தொடரலாம். இதில் கவனிக்க வேண்டியது பாலை அல்ல, அடுத்த கர்ப்பத்தை. ஊசிக்குப் பிறகு நான்கு வாரம் கருத்தரிக்கக் கூடாது. பால் கொடுக்கிறோம், மாதவிடாய் வரவில்லை என்பதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

இனி நான் சொன்ன விலக்கு: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இது மஞ்சள்காமாலை ஊசி அல்ல, பெயர் ஒட்டியிருப்பதால் குழம்ப வேண்டாம். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில நாடுகளுக்குப் போவதற்கு இதன் சான்றிதழ் வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். இதுவும் உயிருள்ள வைரஸ்தான், ஆனால் ஊசிக்குப் பிறகு சில நாட்கள் ரத்தத்தில் சுற்றும்.

2009-இல் பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே டோ சூலில், பிரசவமாகி 15 நாளான ஒரு தாய்க்கு இந்த ஊசி போட்டார்கள். ஐந்தாம் நாள் அவருக்குத் தலைவலியும் லேசான காய்ச்சலும் வந்தன. எட்டாம் நாள், அதாவது பிறந்து 23 நாளான குழந்தையை வலிப்போடு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூளைக்காய்ச்சல். முதுகுத்தண்டு நீரில் இருந்தது தடுப்பூசியின் அதே வைரஸ். தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தை. நல்லவேளையாக அது பிழைத்தது. இப்படி நடப்பது மிக அரிது. ஆனால் சின்னஞ்சிறு பிள்ளைகளின் மூளையை இந்த வைரஸ் எளிதாகத் தாக்கும் என்பதால்தான் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நேரடியாகவும் இதைப் போடுவதில்லை.

ஆகவே பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆகும்வரை பயணத்தைத் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவையுங்கள். ஒன்பது மாதத்தில் பிள்ளைக்கே இந்த ஊசி போடலாம். போய்த்தான் ஆக வேண்டும், நோய் உள்ள பகுதிக்கே போகிறோம் என்றால், மருத்துவரிடம் பேசிவிட்டு, ஊசிக்குப் பிறகு பத்து நாள் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும். பால் வற்றாமல் இருக்க மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்ச வேண்டும். இந்தப் பத்து நாளுக்கு முன்கூட்டியே சேமித்த பால் கொடுக்கலாம் என்பது சொல்ல எளிது. இந்த வயதில் ஒரு பிள்ளை நாளுக்குச் சுமார் 750 மில்லி குடிக்கும். பத்து நாளுக்கு ஏழரை லிட்டர். ஃபிரிட்ஜில் நான்கு நாள்தான் தாங்கும் என்பதால் மீதி உறைநிலையில் இருக்க வேண்டும். அதனால்தான் தள்ளிவைப்பதையே முதலில் சொன்னேன்.

தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டு பாலும் கொடுத்துவிட்டீர்களா? பத்து நாளில் மிச்சமுள்ள நாட்களுக்குப் பாலை நிறுத்துங்கள். ஒரு மாதம் பிள்ளையைக் கவனியுங்கள். காய்ச்சல், பால் மறுப்பு, விடாத அழுகை, வலிப்பு எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், "எனக்கு இன்ன தேதியில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டார்கள்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் எந்த மருத்துவருக்கும் அது தோன்றாது.

வணக்கம்.