ஊசியின் காது என்ற வாசல் எங்கே இருக்கிறது?

கேள்வி: "ஐயா, நான் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். எங்கள் சபையில் மாதம் ஒருமுறை எனக்குப் பிரசங்கம் செய்ய வாய்ப்பு தருகிறார்கள். நான் இறையியல் படித்தவன் இல்லை. ஆங்கில விளக்கவுரைகளையும் பெரிய ஊழியர்களின் செய்திகளையும் பார்த்துத்தான் தயாரிக்கிறேன். எதற்குப் பெயர் சொல்ல வேண்டும், எதற்கு வேண்டாம்? எல்லாமே அவர்களுடையது என்றால் என் செய்தி என்று எதைச் சொல்வது? அடுத்த முறை மத்தேயு 19, பணக்கார வாலிபன்."

தம்பி, நீங்கள் எடுத்திருக்கும் பகுதியிலேயே நான் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னால், ஐசுவரியவான் பரலோகராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட "ஒட்டகமானது ஊசியின் காதிலே நுழைவது எளிதாயிருக்கும்" என்ற வசனத்தைப் பிரசங்கித்தேன். எருசலேமில் 'ஊசியின் காது' என்று ஒரு சிறிய வாசல் இருந்தது, சுமையை இறக்கிவிட்டு முழங்கால் போட்டால்தான் ஒட்டகம் அதில் நுழைய முடியும், நாமும் அப்படித்தான் பாரத்தை இறக்கிவிட்டு மண்டியிட வேண்டும் என்று உருக்கமாகப் பேசினேன். ஆராதனை முடிந்ததும் ஒரு மூப்பர் வந்தார். "ஐயா, டிசம்பரில் எருசலேம் போகிறேன். அந்த வாசல் நகரத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று ஆசையோடு கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "வேத வல்லுநர்கள் சொல்கிறார்கள்" என்றேன். "யார் ஐயா அவர்கள்?" என்றார். அதற்கும் பதில் இல்லை. ஒலிநாடாவில் கேட்ட வேறொருவருடைய பிரசங்கத்தை அப்படியே சொல்லியிருந்தேன்.

அன்று இரவு அந்த விளக்கத்தின் வேரைத் தேடத் தொடங்கினேன். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் சுவிசேஷங்களுக்குப் பழைய விளக்கங்களைத் தொகுத்தார். அந்தத் தொகுப்பில், ஆன்செல்ம் என்பவரின் பெயரில் இந்த வாசல் கதை வருகிறது. இயேசு அந்த வார்த்தையைச் சொல்லி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு! இயேசுவின் காலத்து எருசலேமில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. லூக்கா இதே வார்த்தையை எழுதும்போது கிரேக்கத்தில் ஊசிக்கு வேறொரு சொல்லைப் போடுகிறார். இரண்டு சொல்லும் சாதாரண ஊசியைத்தான் குறிக்கின்றன. யூதர்களின் தால்மூத்திலும், நடக்கவே நடக்காத காரியத்துக்கு யானை ஊசியின் காதில் நுழைவதை உதாரணமாகச் சொல்கிறார்கள்.

இவை எதுவும் தெரியாமல் போனாலும், வேதத்தையே பொறுமையாகப் படித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். 25ஆம் வசனத்தில் சீஷர்கள் மிகவும் ஆச்சரியப்பட்டு, "அப்படியானால், யார் ரட்சிக்கப்படக்கூடும்" என்று கேட்கிறார்கள். மண்டியிட்டு நுழைந்துவிடலாம் என்றால் எதற்கு அந்தத் திகைப்பு? அடுத்த வசனத்தில் இயேசு, மனுஷரால் இது கூடாதது, தேவனாலே எல்லாம் கூடும் என்கிறார். வாசல் கதை இந்த வார்த்தையைச் சாப்பிட்டுவிடுகிறது. கூடாததைக் 'கொஞ்சம் கஷ்டம்' என்று நான் குறைத்துவிட்டேன். அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

பெயர் சொல்வதை நாம் ஒரு மரியாதையாக மட்டுமே நினைக்கிறோம். அது சோதனையும் கூட. "இதை இன்னார் சொல்கிறார்" என்று எழுதப் போனால், இன்னார் யார் என்று தேட வேண்டியிருக்கும். தேடினால் பாதிக் கட்டுக்கதைகள் அங்கேயே உதிர்ந்துவிடும். மத்தேயு ஹென்றியின் விளக்கவுரையை எல்லோரும் எடுக்கிறோம். அவர் 1714இல் இறக்கும்போது அப்போஸ்தலர் நடபடிகள் வரைதான் முடித்திருந்தார். ரோமர் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை பிற போதகர்கள் எழுதி முடித்தார்கள். ஆகவே ரோமர் நிருபத்துக்கு "மத்தேயு ஹென்றி சொல்கிறார்" என்றால், பெயர் சொல்லியும் தவறாகிவிடுகிறது.

எதற்குப் பெயர் வேண்டாம்? நான்கு விளக்கவுரைகளைத் திறந்தால் நான்கிலும் இருக்கும் செய்திக்கு வேண்டாம். அந்த வாலிபன் துக்கமடைந்தவனாய்ப் போனான் என்பதும், தால்மூத்தில் யானை வருகிறது என்பதும் பொதுச் சொத்து. ஒருவர் மட்டுமே கண்டுபிடித்த நுட்பம், ஒருவருடைய பிரசங்கத்தின் அமைப்பு, அவர் வடித்த வாக்கியம் ஆகியவற்றுக்குப் பெயர் சொல்லியே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் மாற்றிவிட்டதால் அது உங்களுடையதாகிவிடாது. மூன்று தலைப்புகளும் அவருடையவை என்றால், மொழிபெயர்த்த பிறகும் அது அவருடைய பிரசங்கம்தான்.

இன்னொருவருடைய வாழ்க்கையில் நடந்ததை "எனக்கு நடந்தது" என்றோ "எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர்" என்றோ சொல்வது பொய். அதற்குச் சலுகையே இல்லை.

நீளமாகச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நம் தமிழ் மேடையில் "என்றார் வள்ளுவர்" என்று சொல்லாதவர் உண்டா? அதனால் பேச்சாளரின் மதிப்பு குறைகிறதா? அதே இயல்போடு, "இந்த இடத்தில் இன்னார் கவனித்ததைச் சொல்கிறேன்" என்று பெயரோடு ஒரு வாக்கியம் போதும். திரையில் அவர் வரிகளைக் காட்டினால் அடியில் பெயர் இருக்கட்டும். ஆராதனை இப்போது நேரலையாகப் போகிறது. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமும், ஒருவருடைய படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது அவரை அடையாளம் காட்டச் சொல்கிறது.

உங்கள் செய்தி எது என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் குறிப்பேட்டில் எழுதும் முறையை மாற்றுங்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் வேதம் மட்டும். 16 முதல் 26 வரை பழைய மொழிபெயர்ப்பிலும் திருவிவிலியத்திலும் வாசித்து, உங்களுக்கு எழும் கேள்விகளை நீல மையில் எழுதுங்கள். அதற்குப் பிறகு விளக்கவுரையைத் திறந்து, அதில் எடுப்பதைச் சிவப்பு மையில், பெயரும் பக்க எண்ணும் சேர்த்து எழுதுங்கள். திருட வேண்டும் என்று நினைத்துத் திருடுகிறவர்கள் குறைவு. இரண்டும் ஒரே மையில் கலந்துவிட்டு, மூன்று வாரம் கழித்து எது யாருடையது என்று தெரியாமல் போவதுதான் அதிகம். சனிக்கிழமை பார்க்கும்போது பக்கம் முழுவதும் சிவப்பாக இருந்தால், பேசப் போகிறவர் நீங்கள் இல்லை.

பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, அறைத் தோழர் ஒருவரிடம் அந்தப் பகுதியை ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்த வார்த்தை உங்கள் வாயில் வராமல் தடுக்குகிறதோ, அது இன்னும் உங்களுக்குப் புரியாத வார்த்தை.

நீல மைக்கு நான் ஒரு கேள்வி தருகிறேன். இந்த வசனத்தைக் கேட்டதும் உங்கள் சபையில் எல்லோரும் பணக்காரன் வேறு யாரோ என்று நினைப்பார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக் கடன் கட்டுகிறவர் தன்னைப் பணக்காரர் என்று நினைக்கமாட்டார். நீங்களும் நினைக்கமாட்டீர்கள். ஆனால் விடுப்பில் ஊருக்குப் போய் இறங்கும்போது தெருவில் உங்களை என்னவென்று கூப்பிடுகிறார்கள்? 'சிங்கப்பூர்க்காரர்' என்றுதானே! இங்கே கூலி, அங்கே ஐசுவரியவான். ஒரே மனிதர் இரண்டு பக்கமும் நின்று இந்த வசனத்தைக் கேட்கும் அனுபவம் எந்த விளக்கவுரையிலும் கிடைக்காது. அது உங்களிடம் இருக்கிறது.

'காதற்ற ஊசியும் வாராது' என்ற வரி உங்களுக்கு நினைவுக்கு வரும். தாராளமாகச் சொல்லுங்கள், பட்டினத்தார் பெயரோடு. செல்வத்தைத் துறந்துவிட்டுப் போன வணிகர் அவர். இந்த வாலிபனோ துறக்க முடியாமல் போனவன். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். வாசல் கதையை மட்டும் எடுக்காதீர்கள். யாராவது அதைப் பற்றிக் கேட்டால், அது எந்த நூற்றாண்டில் வந்தது என்பதை இப்போது உங்களால் சொல்ல முடியும்.