அம்மா யாரோடு பேசுகிறாள்?

வணக்கம்.

நான் வளர்ந்தது ஈரோட்டில். அம்மா பிறந்தது அம்பாசமுத்திரத்துப் பக்கம். அப்போது எங்கள் கூடத்தில் ஒரு கறுப்பு டெலிபோன் இருந்தது. அம்மா அதில் பேசும்போது நான் உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். எதிர்முனைக் குரல் எனக்குக் கேட்காது, ஆனாலும் பேசுவது யார் என்று தெரிந்துவிடும். "ஏட்டி, அவிய வந்துட்டாவளா?" என்றால் ஊரிலிருந்து சித்தி. "சரிங்க, நாளைக்கு வந்தர்றனுங்க" என்றால் அடுத்த தெரு அக்கா. சொற்கள் மட்டுமல்ல, குரலின் ஏற்ற இறக்கமும் மாறும். சித்தியிடம் பேசும்போது அம்மாவின் வலது கைகூடச் சித்தியைப் போலவே காற்றில் வீசும். எதிரே ஆளே இல்லை, வெறும் சுவர்தான்.

ஒருநாள் அம்மாவிடமே கேட்டேன். "நான் எப்பவும் போலத்தானே பேசுறேன்?" என்றாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியாது. நான் மொழியியல் படிக்கப் போனதற்கு அந்தப் பதில்தான் காரணம்.

அம்மாவுக்கு இரண்டு ஊர்ப் பேச்சும் தெரியும், அதனால் மாற்றிக்கொண்டாள் என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் ஒரு சென்னை நண்பர் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். இரண்டாம் நாள் மாலையே அவர் பேச்சின் வாலில் 'ங்க' ஒட்டிக்கொண்டது. அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

உடம்புக்கும் இது உண்டு. 1999இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான்யா சார்ட்ரண்ட், ஜான் பார்க் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இருவர் உட்கார்ந்து, புகைப்படங்களைப் பார்த்து மாறி மாறி வருணிக்க வேண்டும். அதில் ஒருவர் மாணவர், இன்னொருவர் ஆராய்ச்சியாளர்களின் ஆள். அவர் அவ்வப்போது முகத்தைத் தேய்ப்பார், அல்லது காலாட்டுவார். அதே மாணவர் அடுத்து இன்னொருவரோடு உட்காருவார். முதல் ஆள் முகம் தேய்ப்பவர் என்றால் இரண்டாம் ஆள் காலாட்டுபவர். மறைவாக எடுத்த வீடியோவை வைத்து எண்ணிப் பார்த்தார்கள். முகம் தேய்ப்பவரோடு இருக்கையில் மாணவர்கள் முகத்தை அதிகம் தேய்த்தார்கள், காலாட்டுபவரோடு இருக்கையில் காலை அதிகம் ஆட்டினார்கள். அந்த ஆள் சிரிக்காமல் இறுக்கமாக இருந்தபோதும் இது நடந்தது. அதாவது, அவரைக் கவர வேண்டும் என்ற எண்ணம்கூட இதற்குத் தேவைப்படவில்லை.

ஏன்? பார்ப்பதும் செய்வதும் மூளையில் தனித்தனி அறைகளில் நடப்பவை அல்ல. ஒருவர் காலாட்டுவதைப் பார்த்தாலே, காலாட்டுவதற்கான ஆயத்தம் நமக்குள்ளும் சிறிது எழுகிறது. கேட்பதும் பேசுவதும் அப்படித்தான். அரை மணி நேரம் ஓர் உச்சரிப்பைக் காதில் வாங்கினால், நம் அடுத்த வாக்கியம் வரும்போது அது நாக்கின் நுனியில் தயாராக நிற்கிறது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், எதிராளி தங்கள் அசைவுகளைப் பின்பற்றியபோது மாணவர்களுக்கு அவரைச் சற்றுக் கூடுதலாகப் பிடித்திருந்தது. அதை அவர்கள் கவனிக்காமலேயே.

அப்படியானால் எல்லோரும் எல்லோரையும் போலப் பேச வேண்டுமே? நடப்பதில்லை. இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1977இல் ரிச்சர்ட் பூரி, ஹோவர்ட் கைல்ஸ் இருவரும் வேல்ஸ் நாட்டில் வெல்ஷ் மொழி படித்துக்கொண்டிருந்த பெரியவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஹெட்போனில் ஒருவர் மெருகேறிய இங்கிலாந்து உச்சரிப்பில் கேள்வி கேட்பார். முதலில் சாதாரணக் கேள்விகள். பிறகு, செத்துக்கொண்டிருக்கும் மொழியை ஏன் படிக்கிறீர்கள் என்று குத்தலாகக் கேட்டார். தங்கள் பண்பாடு என்பதற்காகப் படித்தவர்கள், ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாலும், அதை முன்பைவிட அழுத்தமான வெல்ஷ் உச்சரிப்பில் சொன்னார்கள். சிலர் நடுவே வெல்ஷ் சொற்களையும் போட்டார்கள். ஒரு பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மைக்கில் மெல்லிய குரலில் வெல்ஷ் வினைச்சொற்களை ஒவ்வொன்றாக வாய்ப்பாடு போலச் சொல்லத் தொடங்கினாள். இதைப் படிக்கும்போதெல்லாம் நான் அந்த வரியிலேயே நின்றுவிடுவேன். வேலைக்காகப் படித்தவர்களோ கேட்டவரின் உச்சரிப்பை நோக்கிச் சாய்ந்தார்கள். ஆக, ஒட்டிக்கொள்வது தானாக நடக்கிறது. ஆனால் மனம் புண்பட்டால் நாக்கு எதிர்ப்பக்கமும் திரும்புகிறது.

"பட்டணம் போனதும் பாஷை மாறிடுச்சு" என்று வீட்டுப் பிள்ளைகளைத் திட்டுகிறோமே, அவர்களுக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். அந்தப் பிள்ளை நடிக்கவில்லை. பண்டிகைக்கு வந்த அன்று இரவே பாட்டியோடு உட்கார்ந்து பேசும்போது கவனியுங்கள், பழைய பேச்சு தானே திரும்பியிருக்கும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். நெதர்லாந்தில் ஓர் உணவகத்தில், ஆர்டரை வாடிக்கையாளர் சொன்ன அதே சொற்களில் திருப்பிச் சொன்ன பணிப்பெண்ணுக்கு டிப்ஸ் கூடுதலாகக் கிடைத்தது. அதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இன்னொரு நாள் சொல்கிறேன். வணக்கம்.