முகம் மாற்றும் நெட்வொர்க்: ‘யார்’ என்பதும் ‘எப்படி’ என்பதும் பிரியும் இடம்

நேயர்களுக்கு வணக்கம். ஒருவரின் நிழற்படத்தையும் இன்னொருவரின் வீடியோவையும் கொடுத்தால், வீடியோவில் உள்ள தலைத்திருப்பம், சிரிப்பு, கண்ணசைவு எல்லாம் அப்படியே இருக்க, ஆள் மட்டும் மாறிவிடுகிறார். இதைச் செய்யும் நியூரல் நெட்வொர்க், ‘யார்’ என்பதையும் ‘எப்படி இருக்கிறார்’ என்பதையும் எப்படிப் பிரிக்கிறது? 2020-இல் வெளிவந்த சிம்ஸ்வாப் என்ற மாடலை வைத்துப் பார்ப்போம்.

முகத்தைத் தரும் நிழற்படம்தான் மூலப் படம்; முகம் மாற்றப்படும் வீடியோவின் ஒரு சட்டம்தான் இலக்குப் படம். மூலப் படத்தில் ஒருவர் நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். இலக்குப் படத்தில் இன்னொருவர் இடப்பக்கம் திரும்பி, வாயை மூடியிருக்கிறார். இரண்டும் வெவ்வேறு வழியில் உள்ளே போகின்றன.

மூலப் படம் ஆர்க்ஃபேஸ் என்ற முகம் அறியும் மாடலுக்குப் போய், 512 எண்கள் கொண்ட ஒரு அடையாள வெக்டராகச் சுருங்குகிறது. ஒரே ஆளின் படங்கள், சிரித்தாலும் முறைத்தாலும், பக்கத்தில் பக்கத்தில் விழவேண்டும் என்றே ஆர்க்ஃபேஸ் பயிற்சி பெற்றது. அதனால் பாவனையின் பெரும்பகுதி அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. இலக்குப் படமோ 224-க்கு 224 பிக்சல் அளவில், படத்தைச் சுருக்கிக் குறிக்கும் என்கோடர் என்ற பகுதிக்குள் போய், 28-க்கு 28 கட்டங்களாகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் 512 அலைவரிசைகள், அதாவது அந்த இடத்தை விவரிக்கும் 512 எண்கள். எந்தக் கட்டத்தில் உதட்டோரம், எந்தக் கட்டத்தில் மூக்குநுனி என்ற இடக்குறிப்பு இதில் அழியாமல் இருக்கிறது.

இரண்டும் சந்திக்கும் இடம்தான் முக்கியமானது. அங்கே வரிசையாக 9 பிளாக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிளாக்கும் அலைவரிசை அலைவரிசையாகக் கட்டங்களை எடுத்து, சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுக்கிறது. பிறகு அடையாள வெக்டரிலிருந்து கணக்கிட்ட ஒரு எண்ணால் பெருக்கி, இன்னொரு எண்ணைக் கூட்டுகிறது. அந்த அலைவரிசையின் 784 கட்டங்களுக்கும் அதே இரண்டு எண்கள்தான். ஆகவே ‘இடது உதட்டோரத்தை மட்டும் உயர்த்து’ என்று அடையாள வெக்டரால் நேரடியாகச் சொல்ல வழியில்லை. வாய் எங்கே, எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை இலக்கின் கட்டங்களே தீர்மானிக்கின்றன. இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பிரிவினையின் பாதி வேலையை இதுவே முடித்துவிடுகிறது.

மீதிப் பாதியைப் பயிற்சி முடிக்கவேண்டும். வெளிவந்த முகத்தை மறுபடி ஆர்க்ஃபேஸுக்குக் கொடுத்து, அதன் வெக்டரும் மூலத்தின் வெக்டரும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்து, விலகலைப் பிழையாகக் கூட்டுவது ஒரு தண்டனைக் கணக்கு. இதை மட்டும் வைத்தால் பாவனை கெட்டுவிடும். அதனால் ஒரு சுற்றில் வெவ்வேறு ஆட்களின் படங்கள், அடுத்த சுற்றில் ஒரே ஆளின் இரண்டு படங்கள் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். ஒரே ஆள் என்னும்போது சரியான விடை கையிலேயே இருக்கிறது: இலக்குப் படம்தான் விடை. மூலத்தில் அவர் சிரிக்க, இலக்கில் வாய் மூடியிருந்தால், சிரிப்பு கடத்தப்பட்ட ஒவ்வொரு முறையும் பிழை கூடும். இங்கே இரண்டு பக்கமும் ஒரே படத்தைக் கொடுத்துவிட்டால் இந்தப் பாடமே நடக்காது. ஒரு நபருக்குச் சராசரியாக 362 படங்கள் உள்ள விஜிஜிஃபேஸ்2 போன்ற தொகுப்பு தேவைப்படுவது இதனால்தான்.

வெவ்வேறு ஆட்கள் வரும் சுற்றில் ஒப்பிட விடை கிடையாது. அங்கே, படம் நிஜமா போலியா என்று தீர்ப்புச் சொல்லும் டிஸ்கிரிமினேட்டர் என்ற துணை நெட்வொர்க்கின் கடைசி அடுக்குகளில் மட்டும், வெளியீடும் இலக்கும் ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முதல் அடுக்குகளையும் சேர்த்தால் தோல் நயம், புருவ வடிவம் வரை இலக்கைப் போலவே இருக்கச் சொல்லி நெருக்கும். பழைய ஆளே திரும்பி வந்துவிடுவார்.

இவ்வளவு செய்தும் கசிவு இருக்கும். ஆர்க்ஃபேஸ் வெக்டரில் தலைத்திருப்பத்தின் தடயம் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்கிறது. கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. இலக்குப் படத்தை மாற்றாமல் வைத்து, ஒரே ஆளின் சிரித்த படத்தையும் சிரிக்காத படத்தையும் மூலமாகக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வெளியீடுகளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வாயோரத்திலும் கண்ணிமையிலும் வித்தியாசம் ஒளிர்ந்தால், பாவனை அடையாள வழியே கசிகிறது. ஒரே மூல ஆளுக்குப் பல படங்கள் இருந்தால் அவற்றின் வெக்டர்களைச் சராசரி எடுத்துக் கொடுப்பது இதை ஓரளவு தணிக்கும்.

அடையாளம் எவ்வளவு மாறியது என்று அளக்கும்போது, பயிற்சிக்குப் பயன்படுத்திய அதே ஆர்க்ஃபேஸை நம்பாதீர்கள். அதைத் திருப்திப்படுத்தவே நெட்வொர்க் பழகியிருக்கிறது. வேறொரு முகம் அறியும் மாடலால் அளந்தால்தான் உண்மை நிலை தெரியும்.

ஒரு குறை இந்த அமைப்போடு பிறந்தது. இடக்குறிப்பு முழுக்க இலக்கிடமிருந்து வருவதால், தாடையின் வளைவும் கன்னத்தின் அகலமும் பெரும்பாலும் இலக்கினுடையதாகவே நின்றுவிடும். வட்ட முகத்துக்காரருக்கு ஒடுங்கிய தாடை வராது. 2021-இல் வந்த ஹைஃபைஃபேஸ் என்ற முகம் மாற்றும் மாடல் இதற்காக முப்பரிமாண முக மாடலைச் சேர்த்தது. அதில் எலும்பமைப்புக்கும் பாவனைக்கும் தலைத்திருப்பத்துக்கும் தனித்தனிக் குணகங்கள் உண்டு. முதலாவதை மூலத்திலிருந்தும், மற்ற இரண்டை இலக்கிலிருந்தும் எடுத்துச் சேர்த்தால் தாடையும் மூலத்தின் பக்கம் நகர்கிறது.