அந்தக் கடிதத்தில் நான்கு கையெழுத்து

"வாழ்க்கை வரலாற்றுப் படம் காட்டுவதை நம்புவதற்கு முன், அது உண்மையில் நடந்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டுமா? பார்த்து மனம் நெகிழ்ந்தால் போதாதா?" என்று கேட்டு இந்த மன்றத்தைத் தொடங்கி வைத்தார் நடுவர்.

பார்த்தே ஆக வேண்டும் என்பது எங்கள் அணியின் கட்சி. நடுவர் அவர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணியில் முதலில் பேசிய தம்பி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காக ஜெர்மானியரின் சங்கேதத்தை உடைத்த கணித மேதை ஆலன் டூரிங்கைப் பற்றிய 'தி இமிடேஷன் கேம்' படத்தை எடுத்துக்கொண்டார். "ஆறு வருஷப் போரை இரண்டு மணி நேரத்தில் சொல்லும்போது சுருக்கத்தானே வேண்டும்?" என்றார். வேண்டும்தான், அதில் அவரோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அந்தப் படம் சுருக்கியதோடு நிற்கவில்லை. அதிலிருந்து ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்கிறேன்.

ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைக்க இயந்திரம் கட்டவேண்டும் என்கிறார் டூரிங். மேலதிகாரி டென்னிஸ்டன் பணம் தர மறுக்கிறார். டூரிங் தனியாளாகச் சர்ச்சிலுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார். உடனே பணமும் வருகிறது, பொறுப்பும் அவர் கைக்கு வருகிறது. தியேட்டரில் பார்த்தபோது நானும் கை தட்டினேன்.

சர்ச்சிலுக்குக் கடிதம் போனது உண்மை. அந்தக் கடிதமும் அழியவில்லை, இன்றும் வாசிக்கலாம். தேதி 1941 அக்டோபர் 21. கீழே நான்கு பேரின் கையெழுத்து: டூரிங், அவரோடு சங்கேதம் உடைத்த வெல்ச்மன், அலெக்சாண்டர், மில்னர் பாரி. லண்டனுக்கு நேரில் கொண்டுபோனவர் மில்னர் பாரி. சரி, என்ன கேட்டிருக்கிறார்கள்? ஆள் பற்றவில்லை, எழுத்தர்களும் இயந்திரத்தை இயக்கப் பெண்களும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இயந்திரத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் தெரியுமா? தளபதி டிராவிஸின் முயற்சியால் எங்களுக்கு இயந்திரங்கள் நன்றாகவே கிடைத்திருக்கின்றன என்கிறார்கள்! முதல் இயந்திரம் 1940 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதை இன்னும் வேகமாக்கிய முக்கியமான மாற்றம் வெல்ச்மனுடையது. படத்தில் வெல்ச்மன் என்று ஒருவரே இல்லை.

டென்னிஸ்டனையும் பாருங்கள். போருக்கு முன்பே கணிதக்காரர்களைத் தேடிச் சேர்க்க ஏற்பாடு செய்தவர் அவர். 1939 ஜூலையில் போலந்துக்கே போய், எனிக்மாவை ஏற்கெனவே உடைத்திருந்த போலந்துக்காரர்களிடம் அந்த வித்தையை நேரில் பார்த்து வந்தவரும் அவரே. போலந்தின் பங்கை எங்கள் அணித்தலைவர் விரிவாகவே சொன்னார். வரலாற்று ஆசிரியர் அவர், நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. படம் இந்த டென்னிஸ்டனைத்தான் முட்டுக்கட்டை போடுகிற வில்லனாக்கிவிட்டது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பழகிக்கொண்டது இதுதான். நாயகன் தனியாக நிற்க, எதிரில் ஓர் ஆள் வேண்டுமென்றே குறுக்கே நிற்கிற காட்சி வந்தால், அந்த இடத்தில் நின்றுவிடுவேன். அந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் தேதி என்ன, எத்தனை பேர் பெயர் இருக்கிறது, கேட்டது என்ன என்ற மூன்றையும் பார்ப்பேன். இங்கே மூன்றுமே படத்தோடு ஒட்டவில்லை.

எதிரணியில் அடுத்துப் பேசிய அம்மா, "என் மகள் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் கணிதம் படிக்கப் போனாள்" என்றார். எனக்கு மனசார சந்தோஷம். ஆனால் அம்மா, படம் நல்லது செய்ததா என்பது இன்றைய கேள்வி அல்லவே. அதே மகள் நாளைக்கு, "டூரிங் ஒரு ரஷ்ய உளவாளியைக் காட்டிக்கொடுக்காமல் விட்டார்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? படம் அதைக் காட்டுகிறது. டூரிங் ஓரினச்சேர்க்கையாளர் என்ற ரகசியத்தை வெளியே சொல்லிவிடுவேன் என்று ஜான் கெய்ன்கிராஸ் என்ற அந்த உளவாளி மிரட்ட, டூரிங் வாயை மூடிக்கொள்கிறார். கெய்ன்கிராஸ் நிஜமாகவே உளவாளிதான். டூரிங் இருந்த சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் வேலை பார்த்தவரும்தான். ஆனால் அவர் இருந்தது வேறு பிரிவில். இருவரும் பழகியதற்கே சான்று இல்லை. ஓரினச்சேர்க்கைக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர்மேல், செய்யாத துரோகத்தையும் சேர்த்து ஏற்றியிருக்கிறார்கள். பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கடைசியாக ஒன்று. டூரிங் 1954 ஜூன் 7 அன்று தற்கொலை செய்துகொண்டார் என்று படத்தின் முடிவில் எழுத்தில் காட்டுகிறார்கள். மரண விசாரணையின் தீர்ப்பும் அதுதான். ஆனால் அவருடைய தாய் அதை ஏற்கவில்லை, விபத்து என்றே நம்பினார். சயனைடு விஷம், பக்கத்தில் பாதி கடித்த ஆப்பிள். அந்த ஆப்பிளை யாரும் பரிசோதிக்கவில்லை. தீர்ப்பு இருப்பதால் படம் சொன்னது சரி என்கிறார் எங்கள் தலைவர். தாயின் மறுப்பையும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம் என்கிறேன் நான். நேற்று இரவு வெகுநேரம் பேசினோம், அவரும் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை.

மணி அடித்துவிட்டது. வணக்கம்.